காலைக் கோப்பியும் பின்னேரக் கோப்பியும்: ஏ9 வீதிக் கடையொன்றில் பால் செய்த வேறுபாடு

முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில், ஏ9 வீதியோரத்தில் உள்ள தேநீர்க் கடையொன்றில் எழுந்த ஒரு முறைப்பாட்டை ஆராய்ந்து, அதன் காரணங்களைப் பிரித்தறிந்த விபரம் இங்கே தரப்படுகிறது. அந்தக் கடையில் ஒரே கோப்பித்தூள், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே அளவு சீனி ஆகியவையே நாள் முழுவதும் பயன்பட்டன. ஆயினும் விடியற்காலையில் குடித்த கோப்பியைப் புகழ்ந்தவர்களே மத்தியானக் கோப்பி கசக்கிறது என்றும், பின்னேரக் கோப்பி கசப்பதோடு அதில் ஒரு பழைய மணமும் வருகிறது என்றும் சொன்னார்கள். "விடியக் குடிச்சது அருமையாக் கிடந்தது அண்ணை, இது வேற தூளோ?" என்று ஒரு சாரதி கேட்ட பிறகு, கடைக்காரர் கோப்பி அரைத்துக் கொடுக்கும் ஆலையின் மீது சந்தேகம் கொண்டார். தூளை மாற்றியும் முறைப்பாடு மாறவில்லை.

மாறியது பால். விடியற்காலையில் அயல் வீடுகளிலிருந்து வரும் பசுப்பாலைக் காய்ச்சிக் கோப்பி போடுவார்கள். அது பத்து மணியளவில் முடிந்துவிடும். அதன் பின் பெட்டியில் அடைத்து வரும் பாலும், வெயில் சாய்ந்த பின், பெட்டிப் பாலும் தீர்ந்த வேளையில், பால்மாவும் பயன்படும். வன்னியில் வீதியோரக் கடைகள் பலவற்றின் வழக்கமும் இதுதான். 2021 இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் பால்மாவுக்கு வரிசையில் நிற்க வேண்டி வந்த காலத்தில் பசுப்பாலுக்குத் திரும்பிய கடைகள், பின்னர் பால்மா மீண்டும் கிடைத்தபோது இரண்டையும் கலந்து நடத்தப் பழகிக்கொண்டன. பால் சேகரிப்பு நிலையத்தில் கொழுப்புச் சோதனை செய்யும் பணியில் நான் இருந்த அனுபவத்தைக் கொண்டு, இந்தக் கடையின் மூன்று பால்களையும் அளந்தும் சுவைத்தும் பார்க்க முடிந்தது.

கடை வழக்கப்படி ஒரு கிளாசில் என்ன இருந்தது

முதலில் கடைக்காரரின் கையை மாற்றாமல், அவர் போடும் விதத்தையே அளந்தோம். ஒரு லீற்றர் கொதிநீருக்கு 60 கிராம் தூள் போட்டு, ஐந்து நிமிடம் ஊறவைத்துத் துணி வடியில் வடிப்பது அவருடைய முறை. தூளில் வறுத்த மல்லி சிறிதளவு கலந்திருந்தது. கிளாசின் கொள்ளளவு 150 மில்லிலீற்றர். வடித்த கோப்பியை ஊற்றி, நிறம் தனக்குப் பிடித்தபடி வரும்வரை பால் சேர்த்து, ஆற்றிக் கொடுப்பார். பாலின் அளவை எந்த வேளையிலும் அவர் அளந்ததில்லை. நிறமே அவருக்கு அளவு.

இந்தப் பழக்கத்துக்குள்தான் சிக்கலின் பெரும்பகுதி இருந்தது. காலையில் அவர் ஊற்றிய பால் சராசரியாக 95 மில்லிலீற்றர். மத்தியானம் பெட்டிப் பாலை ஊற்றும்போது 70 மில்லிலீற்றருடன் கை நின்றுவிட்டது. மீதி 80 மில்லிலீற்றரும் வடித்த கோப்பி. கிளாசின் நிறமோ இரண்டு வேளையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இதற்குக் காரணம் பாலிலுள்ள கொழுப்புத் துளிகளின் பருமன். கறந்த பாலில் கொழுப்பு, சராசரியாக ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கு அளவுள்ள சிறு உருண்டைகளாக மிதக்கிறது. இவற்றில் பெரியவை விரைவாக மேலே எழும்பும். பாலை வைத்துவிட்டால் ஏடு படிவது இதனாலேயே. பெட்டியில் அடைக்கும் பாலை ஆலையில் உயர் அழுத்தத்தில் மிக நுண்ணிய இடைவெளி ஒன்றினூடாகச் செலுத்தி, அந்த உருண்டைகளை ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக உடைத்துவிடுகிறார்கள். ஒரே அளவு கொழுப்பு எண்ணற்ற சிறு துளிகளாகப் பிரிந்து நிற்பதால் ஒளியைச் சிதறடிக்கும் பரப்பு பெருகுகிறது. பால் வெண்மையாகத் தெரிகிறது. கோப்பியில் ஊற்றினால் நிறத்தை விரைவாக வெளிற வைக்கிறது. நீண்ட நேரம் அடுப்பில் கிடந்த பசுப்பாலோ சற்றே மஞ்சளும் பழுப்புமாக மாறியிருப்பதால், அதே நிறத்தைக் கொண்டுவரக் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே நிறத்தைப் பார்த்துப் பால் ஊற்றுபவர், பெட்டிப் பால் வரும்போது தன்னை அறியாமல் பாலைக் குறைத்துக் கோப்பியைக் கூட்டுகிறார்.

கொழுப்புக் கணக்கைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். காலை எட்டரை மணிக்குச் சட்டியிலிருந்து எடுத்த பாலில் கொழுப்பு நூற்றுக்கு 4.6 இருந்தது. 95 மில்லிலீற்றரில் அது 4.4 கிராம் அளவாகும். பெட்டிப் பாலின் உறையில் குறிப்பிட்டிருந்த கொழுப்பு நூற்றுக்கு 3.3. எழுபது மில்லிலீற்றரில் 2.3 கிராம் மட்டுமே. பின்னேரம் அவர் கிளாசில் போட்ட பால்மா இரண்டு தேக்கரண்டி, எடை 9 கிராம். முழுக்கொழுப்புப் பால்மாவில் கொழுப்பு நூற்றுக்கு 26 முதல் 28 வரை இருக்கும் என்பதால், அந்தக் கிளாசில் 2.4 கிராம் கொழுப்பு இருந்தது. அதாவது மத்தியானக் கிளாசும் பின்னேரக் கிளாசும் கொழுப்பளவில் ஏறக்குறைய சமம். இரண்டும் காலைக் கிளாசில் பாதி. புரதமும் இதே போக்கில் குறைந்திருந்தது.

இந்தக் கணக்கு ஆய்வுக்கு ஒரு வழியைத் திறந்தது. கசப்பு என்ற முறைப்பாடு மத்தியானத்துக்கும் பின்னேரத்துக்கும் பொதுவானது. பழைய மணம் என்ற முறைப்பாடு பின்னேரத்துக்கு மட்டும் உரியது. எனவே இரண்டுக்கும் ஒரே காரணத்தைத் தேடுவதில் பயனில்லை. ஒன்று அளவோடும், மற்றது பால் கடந்து வந்த வெப்பத்தோடும் காலத்தோடும் சேர்ந்தது.

கசப்பைத் தணிப்பது எது

கொழுப்புக் கூடிய பால் கோப்பியின் கசப்பைத் தணிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் பாதி உண்மை. கோப்பியின் கசப்பையும் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பையும் தரும் சேர்வைகளில் ஒரு பகுதி பாலின் முதன்மைப் புரதமான கேசீனோடு பிணைந்துவிடுகிறது. பிணைந்தவை நாக்கை முன்போல் தாக்குவதில்லை. கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்தாலும் துவர்ப்பு கணிசமாகக் குறைவது இதனால்தான். கொழுப்பு வேறு விதமாக வேலை செய்கிறது. அது வாயின் உட்பரப்பில் மெல்லிய படலமாகப் படிந்து, கோப்பியின் தொடுகையை மிருதுவாக்குகிறது. நீரில் கரைய விரும்பாத சேர்வைகளைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது.

இந்த இழுத்துக்கொள்ளும் குணத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. வறுத்த கோப்பியின் மணத்தைத் தரும் சேர்வைகளில் பல கொழுப்பில் கரைபவை. பாலில் கொழுப்புக் கூடக்கூட அவை அதற்குள் தங்கிவிடுகின்றன. கிளாசுக்கு மேலே எழுந்து மூக்கை எட்டுவது குறைகிறது. ஆனால் விழுங்கிய பின், வாயில் படிந்த கொழுப்பிலிருந்து அவை மெல்ல மெல்ல வெளிவருவதால், சுவை நீண்டு நிற்கும். காலைக் கோப்பியைப் பற்றிக் குடித்தவர்கள் "வாயிலயே நிக்குது" என்று சொன்னது சரியான அவதானிப்பு. அதே வேளை, மத்தியானக் கிளாசை மூக்கருகே கொண்டுசென்றபோது எழுந்த மணம் காலையதை விட வலிமையாக இருந்தது. பால் குறைந்ததும் கோப்பி கூடியதும் அதற்குக் காரணம்.

இதைச் சரிபார்க்க எருமைப்பாலையும் ஒருமுறை பயன்படுத்தினோம். எருமைப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 7 முதல் 8 வரை இருக்கக்கூடும். தயிருக்கு அது எவ்வளவு சிறப்பானதோ, இந்த அளவுக் கோப்பிக்கு அவ்வளவு பொருந்தவில்லை. கசப்பு முற்றாக அடங்கியது. அதோடு கோப்பியும் அடங்கியது. மல்லியின் மணமே தெரியவில்லை. தூளை லீற்றருக்கு 80 கிராமாக உயர்த்திய பிறகே கோப்பி என்று சொல்லத்தக்க சுவை வந்தது. தடித்த பால் எப்போதும் சிறந்த கோப்பியைத் தரும் என்ற நம்பிக்கையை என்னால் ஏற்க முடியாது. பால் தடிக்கும்போது தூளும் சேர்ந்து கூட வேண்டும்.

காலைப் பாலும் ஒன்றல்ல

பசுப்பாலின் கொழுப்பு நாளுக்கு நாள் வேறுபட்டது. இதைக் கடைக்காரர் தண்ணீர் கலப்பு என்று எண்ணியிருந்தார். பால் கொண்டுவரும் வீடுகளில் ஒன்றில் இதுபற்றிப் பேசியபோது உண்மையான காரணம் வெளிப்பட்டது. வன்னியில் வீடுகளில் வளர்க்கும் நாட்டுப் பசுக்களும் கலப்புப் பசுக்களும் பெரும்பாலும் கன்று முட்டிச் சுரந்த பிறகே கறக்கப்படுகின்றன. கறந்து முடிந்ததும் மடியில் மிஞ்சியதைக் கன்றுக்கு விட்டுவிடுவார்கள். ஒரு கறவையின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஒன்று இரண்டு அளவில் குறைந்தும், கடைசியில் வரும் பாலில் அதன் பல மடங்காகவும் இருக்கும். எனவே கன்றுக்கு எவ்வளவு விடப்படுகிறது என்பதே கடைக்கு வரும் பாலின் கொழுப்பைத் தீர்மானித்தது. கன்று சிறிதாக இருந்து கடைசிப் பாலை நிறையக் குடித்த நாட்களில் அந்த வீட்டுப் பால் நூற்றுக்கு 3.5 ஐ ஒட்டி இருந்தது. கன்று மேயத் தொடங்கி, மடியை ஒட்டக் கறக்கத் தொடங்கிய பின் 4.8 ஐத் தொட்டது. இதில் தண்ணீரும் இல்லை, ஏமாற்றும் இல்லை.

பால்மானியை மட்டும் நம்பினால் இங்கே தவறான முடிவுக்கு வர இடமுண்டு. பால்மானி அளப்பது அடர்த்தியை. கொழுப்பு நீரை விட இலேசானது; ஆகவே கொழுப்புக் கூடிய நல்ல பாலிலும் பால்மானி சற்றுத் தாழ்வாகக் காட்டும், தண்ணீர் கலந்த பாலிலும் தாழ்வாகக் காட்டும். கொழுப்பை அறியக் கேர்பர் சோதனையே வேண்டும். கேர்பர் குழாயில் 10 மில்லிலீற்றர் செறிந்த சல்பூரிக் அமிலம், அதன் மேல் கவனமாகப் பால், பின் ஒரு மில்லிலீற்றர் அமைல் அற்ககோல் என ஊற்றி, குலுக்கி, சுழற்றும் இயந்திரத்தில் இட்டால், புரதம் கரைந்து கொழுப்பு மாத்திரம் குழாயின் அளவுக்கோடுகளுள் தெளிந்து நிற்கும். கடையில் செய்யும் சோதனையல்ல இது. சேகரிப்பு நிலையங்களில் செய்வார்கள். பாலுக்கான விலையும் அங்கே கொழுப்பையும் ஏனைய திண்மங்களையும் பார்த்தே கணக்கிடப்படுகிறது.

காய்ச்சும் முறையும் கொழுப்பை மாற்றியது. நான்கு லீற்றர் பால் ஐந்தரை மணிக்குப் பொங்கி, அதன் பின் சிறு தணலில் எட்டரை மணிவரை கிடந்தபோது, ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நீர் ஆவியாகிப் போயிருந்தது. கறந்தபோது நூற்றுக்கு 4.4 ஆக இருந்த கொழுப்பு, கணக்குப்படி 5 ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் 4.6 ஆகவே இருந்தது. காரணம், மேலே படிந்த ஆடையைக் கடைக்காரரின் மனைவி இரண்டு மூன்று முறை எடுத்து, வீட்டுப் பிள்ளைகளுக்கென்று வேறாக வைத்திருந்தார். ஆடை என்பது வெப்பத்தால் விரிந்த புரதங்கள் மேற்பரப்பில் உலர்ந்து பின்னிய வலை. மேலே எழும்பும் கொழுப்பு அந்த வலைக்குள் சிக்கிக்கொள்ளும். ஆடையோடு நல்லதொரு பங்கு கொழுப்பும் போய்விடும். அகப்பையை எங்கே விட்டு எடுக்கிறோம் என்பதும் முக்கியமானது. கலக்காமல் மேலாக மொண்டால் கொழுப்புக் கூடும். சட்டியின் அடிக்கு வரவரக் குறையும். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் காலையிலேயே இரண்டு விதமான கோப்பி கிடைத்தது இதனால்தான்.

வெப்பம் தந்த சுவை

கொழுப்பை ஒருபுறம் வைத்துவிட்டு மணத்துக்கு வருவோம். பாலைச் சூடாக்கும்போது, ஏறத்தாழ 75 பாகை செல்சியசைத் தாண்டியதும், மோர்ப் புரதங்கள் தம் மடிப்பிலிருந்து விரியத் தொடங்குகின்றன. உள்ளே மறைந்திருந்த கந்தகக் கூறுகள் வெளிப்பட்டு, மிகச் சிறிய அளவில் ஐதரசன் சல்பைட்டு வெளியாகிறது. காய்ச்சிய பால் மணம் என்று நாம் உணர்வதன் முதல் பகுதி இது. திறந்த சட்டியில் நீண்ட நேரம் காயும்போது இந்தக் கந்தக மணம் ஆவியோடு பெரும்பாலும் போய்விடும். அதற்குப் பதிலாக, பாலின் சர்க்கரையான லக்டோசும் புரதமும் வினைபுரிந்து, பால்கோவாவை நினைவூட்டும் இனிய மணத்தையும் மெல்லிய பழுப்பு நிறத்தையும் உண்டாக்கும். வறுத்த கோப்பியின் மணமும் இதே வகையான வினையில் பிறப்பதால், இரண்டும் ஒன்றோடொன்று இசைந்து போகின்றன. காலைக் கோப்பியின் சிறப்பில் கொழுப்புக்கு ஒரு பங்கும், இந்த நீண்ட காய்ச்சலுக்கு இன்னொரு பங்கும் உண்டு.

பெட்டிப் பால் இதற்கு நேர்மாறான வெப்ப வரலாறு உடையது. அறை வெப்பநிலையில் மாதக்கணக்கில் வைக்கக்கூடிய வகையை 135 முதல் 140 பாகை வரை சில விநாடிகள் மட்டும் சூடாக்கி, உடனே குளிர்வித்து, காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். கந்தக மணம் உண்டாகிறது, வெளியேற வழியில்லை. அடைத்த முதல் நாட்களில் அது மிகத் தெளிவாகத் தெரியும். பின்னர் கரைந்துள்ள ஒட்சிசனோடு சேர்ந்து படிப்படியாக மறையும். அதன் பின் மாதங்கள் செல்லச் செல்ல வேறொரு பழைய மணம் தலைகாட்டும், குறிப்பாக வெயில் படும் களஞ்சியத்தில் வைத்த பெட்டிகளில். குளிரூட்டியில் மட்டும் வைக்கவேண்டிய பக்கற் பால், 72 பாகையில் 15 விநாடி மட்டுமே சூடாக்கப்பட்டது என்பதால், கறந்த பாலின் சுவைக்கு நெருக்கமானது. ஆனால் மின்சாரமும் குளிரூட்டியும் நம்பத்தக்கதாக இருக்கும் கடைக்கே அது உதவும்.

கடையில் நடந்த தவறு, பெட்டிப் பாலையும் பசுப்பாலைப் போலவே பொங்கவிட்டுக் காய்ச்சியது. கிருமிகள் ஏற்கெனவே அழிக்கப்பட்ட பாலைத் திரும்பப் பொங்கவைப்பதால் பாதுகாப்பில் எதுவும் கூடுவதில்லை. மூடியிருந்த காய்ச்சிய மணம் மீண்டும் எழும்புகிறது, அடிப்பிடித்தால் கருகலும் சேர்கிறது. குளிர்ந்தபடியே ஊற்றுவதும் தீர்வல்ல. குளிரூட்டியில் இருந்த 90 மில்லிலீற்றர் பாலை, 90 பாகையிலுள்ள 60 மில்லிலீற்றர் கோப்பியோடு கலந்தால் கிளாஸ் 40 பாகைக்கு இறங்கிவிடும். அந்தச் சூட்டில் மணம் எழாது. பாலை 60 முதல் 65 பாகைக்குச் சூடாக்கிக் கலந்தபோது கிளாஸ் 70 பாகையைச் சற்றுத் தாண்டி நின்றது. பெட்டிப் பாலின் இனிப்பும் நன்றாகத் தெரிந்தது. வெப்பமானி இல்லாத இடத்தில், சட்டியின் ஓரத்தில் சிறு குமிழிகள் கட்டத் தொடங்குவதற்கு முன், ஆவி மெல்ல எழும்பும் கட்டத்தில் இறக்கினால் போதும். கறந்த பாலை மட்டும் எக்காரணத்தாலும் இப்படி இறக்கக்கூடாது. மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் புரூசெல்லோசிஸ் போன்ற நோய்கள் இருப்பதால், அது கட்டாயம் பொங்கிக் கொதிக்க வேண்டும்.

பால்மாவின் மணம்

பின்னேர முறைப்பாட்டுக்கு வருவோம். பால்மா செய்யும்போது, பாலிலுள்ள நீரின் பெரும்பகுதியை வெற்றிடத்தில் தாழ்ந்த வெப்பநிலையில் ஆவியாக்கி, மிஞ்சிய தடித்த பாலைச் சூடான காற்றுக்குள் தூவி உலர்த்துகிறார்கள். நீர் போகும்போது, எளிதில் ஆவியாகும் மணங்களும் போய்விடுகின்றன. புதுப் பால்மாவிலும் பசுப்பாலின் மணம் குறைவாக இருப்பது இயல்பு, அது பழுதல்ல. கடையில் எழுந்த மணம் வேறு. அது நாட்பட்ட கொழுப்பு ஒட்சிசனோடு சேர்ந்ததால் வந்த, ஈரக் கடதாசி மட்டையையும் பழைய நெய்யையும் ஒத்த மணம்.

காரணத்தைக் காணத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு கிலோ உறையைத் திறந்து, வாயை மடித்து இறப்பர் வளையம் போட்டு, அடுப்புக்கு மேலிருந்த தட்டில் வைத்திருந்தார்கள். பொங்கும் தண்ணீரின் ஆவியும் அடுப்பின் சூடும் நாள் முழுவதும் அதன் மேல் பட்டன. ஈரம் ஏறிய பால்மாவில் லக்டோஸ் பளிங்காகி, தூள் கட்டிபடுகிறது. அதுவரை பளிங்காகாமல் கண்ணாடி போல் உறைந்திருந்த அந்தச் சர்க்கரைக்குள் அடைபட்டிருந்த கொழுப்பு வெளியே கசிந்து காற்றைச் சந்திக்கிறது. அதன் பின் கெடுதல் விரைவாகிறது. கட்டிபட்ட மாவை உடைத்துப் பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் காரணத்துக்காக அதை விடவேண்டும்.

இதைக் கண்டறிய எளிய சோதனை உண்டு. ஒரு தேக்கரண்டி மாவை அரைக் கிளாஸ் இளஞ்சூட்டு நீரில், சீனியும் கோப்பியும் இல்லாமல் கரைத்து, கையால் மூடி ஒரு நிமிடம் வைத்து, திறந்து மணக்க வேண்டும். புதிதாகத் திறந்த உறையிலிருந்து எடுத்ததையும் அருகில் வைத்து ஒப்பிட்டால் சந்தேகம் இராது. அந்தக் கடையில் அருகருகே வைத்து மணந்த அனைவரும் பழையதை உடனே அடையாளம் கண்டார்கள். சீனியும் கோப்பியும் சேர்ந்த கிளாசில் அதே மணம் "ஏதோ சரியில்லை" என்ற அளவில் மட்டுமே தெரிந்தது.

பால்மாக் கோப்பியில் சில வேளைகளில் வெண்ணிறத் துகள்கள் மிதந்ததும் கவனத்துக்கு வந்தது. கொதிக்கக் கொதிக்க வடித்த கோப்பிக்குள் மாவை நேரே கொட்டியதே இதற்குக் காரணம். கோப்பி புளிப்புத் தன்மை உடையது. சூடும் புளிப்பும் ஒருங்கே தாக்கும்போது, இன்னும் முழுமையாக நனையாத கேசீன் திரள்கிறது. வன்னியின் கிணற்று நீர் பல இடங்களில் கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல் படியும் அளவுக்குக் கல்சியம் மிகுந்தது. அதுவும் திரளுதலுக்குத் துணைபோகிறது. மாவை முதலில் சிறிதளவு இளஞ்சூட்டு நீரில் களியாகக் குழைத்து, பின் மீதி நீரை விட்டுக் கரைத்து, அதன் பிறகே கோப்பியை மெல்ல ஊற்றியபோது துகள்கள் தோன்றவில்லை. பசுப்பால் திரிந்து துகள் மிதந்தால் அதன் காரணம் வேறு: வெயிலில் புளித்து வரும் பால் பொங்கும்போதே அல்லது கோப்பி பட்டதும் திரியும். அதைக் குழைத்துச் சரிசெய்ய வழியில்லை.

சமப்படுத்திய கிளாஸ்கள்

அளவும் மணமும் தனித்தனிக் காரணங்கள் என்ற முடிவைச் சோதிக்க, மூன்று பால்களிலும் ஒரு கிளாசுக்கு 4.4 கிராமை ஒட்டிய கொழுப்பு வரும்படி அமைத்தோம். பசுப்பாலில் 95 மில்லிலீற்றர் போதுமானது. பெட்டிப் பாலில் இந்த அளவை எட்ட 133 மில்லிலீற்றர் வேண்டும். கிளாசில் கோப்பிக்கு இடமே இராது. எனவே 100 மில்லிலீற்றர் பெட்டிப் பாலில் புதிய பால்மா 4 கிராமைக் கரைத்தோம். பால்மாவை மட்டும் பயன்படுத்தியபோது 16 கிராமை 85 மில்லிலீற்றர் நீரில் கரைத்தோம். இது கடை வழக்கத்தை விட முக்கால் மடங்கு கூடுதல். கோப்பி 50 முதல் 55 மில்லிலீற்றர், சீனி ஒரே அளவு, கிளாசின் சூடும் ஒன்று.

நிறம் கண்ணை ஏமாற்றாதிருக்க, உள்ளே தெரியாத உலோகக் குவளைகளில் ஊற்றி, ஒவ்வொருவருக்கும் மூன்று குவளை கொடுத்தோம். அவற்றில் இரண்டில் ஒரே கோப்பி, ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். சுவைத்தவர்கள் கடைக்காரர், அவருடைய மனைவி, நாள்தோறும் வரும் மூவர். கடை வழக்கப்படி போட்ட காலைக் கோப்பியையும் மத்தியானக் கோப்பியையும் எல்லோரும் சந்தேகமின்றிப் பிரித்தார்கள். சமப்படுத்திய பிறகு கசப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பசுப்பாலையும் பெட்டிப் பாலையும் பிரிக்க முடிந்தவர்கள், காய்ச்சிய மணத்தை வைத்தே பிரித்தார்கள். புதிய பால்மாவில் போட்டதை அடையாளம் கண்டவர்கள் அதைக் கெட்டது என்று சொல்லவில்லை; வயதில் மூத்த ஒருவர், "எனக்கு இதுதான் கோப்பி மாதிரிக் கிடக்கு தம்பி" என்று அதையே தேர்ந்தெடுத்தார். பல ஆண்டுகள் பால்மாவோடு பழகிய நாக்குக்கு அதன் சுவையே கோப்பியின் சுவை என்பதை நான் மதிக்கிறேன். ஐந்து பேரின் நாக்கை வைத்து எந்தப் பால் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கசப்பு அளவிலிருந்து வந்தது, பழைய மணம் வைத்த இடத்திலிருந்து வந்தது என்ற இரண்டையும் பிரித்துக் காட்ட அது போதுமானதாக இருந்தது.

கடையில் செய்த மாற்றங்கள் சிலவே. கிளாசுக்குப் பதிலாக, பால் ஊற்றும் குவளையில் உட்புறம் இரண்டு கோடுகள் இடப்பட்டன. கீழ்க்கோடு பசுப்பாலுக்கு, மேற்கோடு பெட்டிப் பாலுக்கு. நிறம் வெளிறித் தெரிந்தாலும் கோடுவரை ஊற்ற வேண்டும் என்பதைக் கடைக்காரரின் கை ஏற்கச் சில நாட்கள் எடுத்தன. பெட்டிப் பாலுக்கு மாறும் வேளையில், குறைந்த இடத்தில் சுவை நிற்பதற்காக, லீற்றருக்கு 60 கிராமாக இருந்த தூள் 66 ஆக்கப்பட்டது. பசுப்பாலை ஒவ்வொரு முறையும் அடிவரை கலக்கி மொள்கிறார்கள். ஆடை எடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. எடுத்த பின் பாலை இன்னும் சிறிது வற்றவிடும்படி மட்டும் சொன்னோம். பால்மா ஒரு கிலோ உறைக்குப் பதிலாக 400 கிராம் உறையாக வாங்கப்பட்டு, இறுகிய மூடியுள்ள போத்தலில், அடுப்புக்கு எதிர்ப்பக்கத் தட்டில் வைக்கப்படுகிறது. எடுக்கும் கரண்டி உலர்ந்ததாக இருக்க வேண்டும்.

பால்மாவின் அளவைக் கூட்டியது கடைக்குச் செலவு. 16 கிராம் போட்டுக் கட்டாது என்று கடைக்காரர் சொன்னது நியாயமே. இறுதியில் 13 கிராமில் நிறுத்தி, கோப்பியை 45 மில்லிலீற்றராகக் குறைத்தார். 13 கிராம் என்பது ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் பாலுக்குச் சமமான மா, கொழுப்பு 3.5 கிராம் கிடைக்கும். காலைக் கோப்பியின் தடிப்பு அதில் வரவில்லை, ஆனால் கசப்பு என்ற பேச்சும் வரவில்லை. மாரி தொடங்கிப் புல் தழைத்து, பால் பெருகிக் கொழுப்புத் தாழும் மாதங்களில், பசுப்பாலுக்கான கீழ்க்கோட்டை ஒரு விரல் உயர்த்த வேண்டியிருக்கும்.